ராத்திரிப் படிப்பும் எனர்ஜி ட்ரிங்கும்: நெஞ்சுப் படபடப்போடு வரும் மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

என் கிளினிக் மதுரையில், கோச்சிங் சென்டர்களும் ஹாஸ்டல்களும் நெருக்கியடித்துக் கிடக்கும் ஒரு தெருவில் இருக்கிறது. தை பிறந்ததிலிருந்து மே மாதம் நீட் முடிகிற வரைக்கும், "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று யாராவது ஒருவர் காலையிலேயே வந்து நிற்பார். காய்ச்சல்காரர்கள் அம்மாவோடு வருவார்கள். இவர்கள் ரூம்மேட்டோடு வருவார்கள். அவர்கள் கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே போட்டு, நான் சொன்னதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

"ஒரே ஒரு எனர்ஜி ட்ரிங்க்தான் சார் குடிச்சேன். விடியக்காலை மூணரைக்கு நெஞ்சு டம்டம்னு அடிக்குது, கை நடுங்குது. ஹார்ட் அட்டாக்கா?"

பத்தொன்பது வயதில், வேறு நோய் எதுவும் இல்லாத உடம்பில், அதற்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆனால் அந்த "ஒரே ஒரு" என்பதை நான் அப்படியே எழுதிக்கொள்வதில்லை. யாரும் பொய் சொல்வதில்லை. மற்றதெல்லாம் கணக்கில் சேரும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

இதைக் கேட்ட பையன் மேலூர்ப் பக்கத்துக்காரன், நீட் இரண்டாம் முறை எழுதுகிறவன், எடை 52 கிலோ. முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து வாய்க்குள் போனதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். ஆறு மணிக்கு ஒரு டீ. ஒன்பதரைக்கு ஒரு பாட்டில் எனர்ஜி ட்ரிங்க் ("அது பரோட்டாவோட குடிச்சது சார், அதைச் சேர்க்கல"). பன்னிரண்டரைக்கு இன்னொரு பாட்டில். அவன் சொன்ன "ஒரே ஒரு" இதுதான். இரண்டரைக்குக் கண் சொருகியதும் கீழே இறங்கிப் போய் ஒரு டீ. தூங்கா நகரத்தில் அதற்குத் தட்டுப்பாடே கிடையாது. மூன்று மணிக்குத் தலை வலித்தது என்று ரூம்மேட்டிடம் வாங்கிப் போட்ட ஒரு தலைவலி மாத்திரை.

அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். அந்த மாத்திரையிலும் 50 மில்லிகிராம் காஃபின் இருந்தது. ஒரு டீக்கு 40, ஒரு பாட்டிலுக்கு 75 என்று வைத்தால் மொத்தம் 280 மில்லிகிராம்.

சரி, 280-உம் ஒரே நேரத்தில் உள்ளே போகவில்லையே என்று கேட்கலாம். உடம்பில் இருக்கும் காஃபினில் பாதியைக் கல்லீரல் கழித்துத் தள்ள ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் மாறும். நடுத்தரமாக ஐந்து என்று வைப்போம். அப்படிப் பார்த்தால் விடியக்காலை மூன்றரைக்கு, சாயந்திர டீயில் 11 மில்லிகிராம் மிச்சம். முதல் பாட்டிலில் 33. இரண்டாவதில் 49. இரண்டரை மணி டீயில் 35. மாத்திரை அப்போதுதான் கரைந்து ஏறிக்கொண்டிருக்கிறது, அதில் 47. கூட்டினால் 175. இரண்டு பாட்டிலை ஒரே மூச்சில் குடித்து இறக்கியவனுக்கும் இவனுக்கும் அந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னும் ஒன்று உண்டு. காலை எட்டரைக்கு, அதாவது இன்னும் ஐந்து மணி நேரம் கழித்து, அந்த 175-இல் பாதி, 88 மில்லிகிராம், உள்ளே இருக்கும். அது ஒரு முழு பாட்டிலுக்கும் மேல். கிளாஸுக்குப் போகிறபோதும் நெஞ்சு அடங்காததற்கும், மத்தியானம் படுத்தால் தூக்கம் வராததற்கும் அதுதான் காரணம். அன்று சாயந்திரம் மறுபடி முதல் பாட்டிலைத் திறக்கிறபோது கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை.

என்னிடம் வந்தபோது அவன் நாடி நிமிடத்துக்கு 112. இ.சி.ஜி. எடுத்தேன், துடிப்பு வேகமாக இருந்தது, மற்றபடி வடிவம் சரியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, டீ மட்டும் குடித்துவிட்டு வந்தபோது 78.

"பாட்டில்ல எவ்வளவு காஃபின் இருக்குன்னு எங்கிட்டுப் பார்க்குறது?"

பின்பக்கம், பொடி எழுத்தில். நம் நாட்டில் இந்தப் பானங்களுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 145-க்குக் குறையாமல் 300 மில்லிகிராமுக்கு மிகாமல். லேபிளில் 100 மில்லிக்கு 29 என்றோ 30 என்றோ போட்டிருக்கும்; அதைப் பாட்டில் அளவால் பெருக்கி நூறால் வகுங்கள். 250 மில்லி பாட்டிலுக்கு அதிகபட்சம் 75. அதிகக் காஃபின் உள்ளது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் காஃபின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் உகந்ததல்ல, ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் குடிக்க வேண்டாம் என்பதும் அதே லேபிளில் இருக்கும். குளிர்ந்த பாட்டிலில் வியர்த்து நிற்கும் தண்ணீரைத் துடைத்தால்தான் படிக்க முடியும் என்பது வேறு விஷயம்.

நான் பாட்டிலைவிட அதிகம் பயப்படுவது ஜிம்முக்குப் போகும் அண்ணன்கள் ஹாஸ்டலில் வைத்திருக்கும் "ப்ரீ ஒர்க்அவுட்" பொடிக்கு. அதில் ஒரு கரண்டியிலேயே 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பது சாதாரணம். இணையத்தில் வாங்கும் காஃபின் மாத்திரையும் ஒன்று 200 மில்லிகிராம் வரை வரும். டீயில் அளவு தவறினால் வயிறு புளிக்கும். பொடியில் அளவு தவறினால் கேஷுவாலிட்டிதான். கிராம் கணக்கில் உள்ளே போனால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

"தூக்கத்தை விரட்டத்தானே குடிக்கிறோம்? நெஞ்சும் கையும் ஏன் சேர்ந்து ஆடுது?"

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது போய் உட்கார வேண்டிய இடங்கள் இருக்கின்றன. உட்கார்ந்தால் தூக்கம் வரும். காஃபின் செய்வது ஒன்றுதான்: பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் நின்றுகொண்டே வருகிறது, இறங்கிப் போய்விடவில்லை. காஃபின் எழுந்ததும் மொத்தமாக உட்காரும். விடியக்காலை திடீரென்று ஆள் சரிந்து விழுவது அதனால்தான்.

இதே இடங்கள் இதயத்திலும் உண்டு. அங்கே அடினோசினின் வேலை, துடிப்பை நிதானமாக வைத்திருப்பது. அதைத் தடுத்துவிட்டால் கடிவாளம் தளர்ந்த மாதிரி. கூடவே காஃபின் அட்ரினலினையும் கூட்டுகிறது. விரல் நடுக்கம், உள்ளங்கை வியர்வை, வயிற்றைப் பிசைவது எல்லாம் அதன் வேலை.

இதற்கு மேல் வெறும் வயிறு, தூக்கமின்மை, தேர்வு பயம், ஃபேன் காற்றே சூடாக அடிக்கும் சித்திரை மாத அறை. வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் இதயம் தானாகவே வேகம் கூட்டும். அதே இரண்டு பாட்டில் மார்கழியில் ஒன்றும் செய்யாமல், ஏப்ரலில் ஆட்டிவைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"சும்மா படபடப்பா, இல்ல ஹார்ட்ல நிஜமாவே கோளாறான்னு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்குத்தான் நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். படபடப்பு வரும்போது முதலில் நாடியை எண்ணுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை மேஜையில் வையுங்கள். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கினால் ஒரு எலும்பு தட்டுப்படும். அதற்குச் சற்று உள்பக்கம், இரண்டு விரலால் லேசாக அழுத்துங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட உங்கள் விரலை நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் ஒழுங்காகத் துடிக்கிறதா என்பதையும் விரல் சொல்லும்.

காஃபின் படபடப்பில் எண்ணிக்கை பெரும்பாலும் 100-லிருந்து 130-க்குள் நிற்கும். ஒழுங்காக இருக்கும். மெல்ல ஏறி மெல்ல இறங்கும். எப்போது தொடங்கியது என்று கேட்டால் "ஒரு மணி வாக்குல இருக்கும்" என்றுதான் சொல்ல முடியும். எழுந்து நடந்தால் கூடும், படுத்து மூச்சை நிதானப்படுத்தினால் குறையும்.

இரண்டாவது வகை, "திக்கென்று ஒரு அடி விட்டுப்போய், அடுத்தது நெஞ்சில் குத்துகிற மாதிரி" இருப்பது. தன் முறைக்கு முன்னாலேயே ஒரு துடிப்பு வந்துவிட்டு, பிறகு ஒரு சின்ன இடைவெளி. எக்டோபிக் என்போம். காஃபினும் தூக்கமின்மையும் சிலருக்கு இதைக் கூட்டும். நல்ல இதயத்திலும் வரும். எப்போதாவது ஒன்றிரண்டு என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. கூட்டமாக, வரிசையாக வந்தால் காட்டிவிடுங்கள்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. ஸ்விட்ச் போட்ட மாதிரி தொடங்கும், ஸ்விட்சை அணைத்த மாதிரி நிற்கும். "பயாலஜி புக்கை எடுக்கக் குனிஞ்சேன் சார், அந்த நிமிஷம்" என்று ஒரு மாணவி துல்லியமாகச் சொன்னாள். நாடி எண்ணவே முடியவில்லை, இ.சி.ஜி.யில் 188. படுத்தாலும் நடந்தாலும் அதே 188. இது எஸ்.வி.டி., அதாவது இதயத்தின் மின்பாதையில் பிறவியிலேயே இருக்கும் ஒரு குறுக்குச் சந்தில் மின்னோட்டம் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவது. பாதை அவளுக்கு முன்பே இருந்தது. அன்றைய இரண்டு பாட்டிலும் தூங்காத இரவும் அதை உசுப்பிவிட்டிருக்கலாம். 10 மில்லி சிரிஞ்சைக் கொடுத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊதச் சொன்னேன்; உடனே மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்தோம். இரண்டாவது முறையில் நின்றது. எல்லாருக்கும் இப்படி நிற்காது. பத்துப் பேரில் நான்கு பேருக்கு நிற்கும், மற்றவர்களுக்கு ஊசி. பிறகு அவளை இதய மருத்துவரிடம் அனுப்பினேன். இந்தக் குறுக்குச் சந்தைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகச் சுட்டு அடைத்துவிட முடியும்.

விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போய், கை விரல்கள் தாமாக மடங்கிக் கொண்டால், அது வேகவேகமாக மூச்சு வாங்கியதால். காஃபின் கிளப்பிவிட்ட படபடப்பைப் பார்த்துப் பயந்து, அந்தப் பயத்தில் மூச்சு வாங்கி, அதனால் இன்னும் பயந்து வருகிறவர்கள் நிறையப் பேர்.

"இப்பவே படபடன்னு இருக்கு. இந்த நிமிஷம் என்ன செய்ய?"

உட்காருங்கள் அல்லது சாய்ந்து படுங்கள். நாடியை எண்ணி, நேரத்தோடு எழுதி வையுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, வெறும் வயிறாக இருந்தால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ. மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள்; பத்து நிமிடம். அப்புறம், இன்னொரு டீ வேண்டாம். படபடப்பைக் "களைப்பு" என்று நினைத்து அடுத்த பாட்டிலைத் திறந்தவர்களும் உண்டு.

தண்ணீர் குடித்தால் காஃபின் வெளியேறிவிடாது. வாந்தி எடுத்தாலும் பயனில்லை. குடித்து ஒரு மணி நேரம் ஆனால் பெரும்பகுதி ரத்தத்தில் ஏறிவிட்டிருக்கும். கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். நீங்கள் செய்வதெல்லாம் அதற்குக் காத்திருக்க வசதி செய்வதுதான். மணிக்கு மணி எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தால் சரியான திசையில் போகிறது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. மயக்கம் வந்தது அல்லது கண் இருட்டியது, நெஞ்சு வலி, மூச்சு முட்டல், உட்கார்ந்திருக்கும்போதே 150-க்கு மேல், ஒழுங்கே இல்லாத துடிப்பு, வலிப்பு, விடாத வாந்தி: இதில் ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள், அல்லது பெரியாஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போங்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டாம், மயங்கினால் விழுவீர்கள். குடித்த பாட்டிலையும் போட்ட மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போனால் டூட்டி டாக்டருக்கு பாதி வேலை மிச்சம்.

வீட்டில் யாராவது நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால், அல்லது ஓடும்போது உங்களுக்கு மயக்கம் வந்ததுண்டு என்றால், படபடப்பு அடங்கிவிட்டாலும் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

"ரெண்டு வருஷமா டெய்லி ரெண்டு பாட்டில். ஒண்ணும் ஆனதில்ல. இந்த வாரம் மட்டும் ஏன் இப்படி?"

இந்த வாரம் வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. இதைக் கேட்டவர் ஒரு பொறியியல் மாணவர். ஹாஸ்டல் சாப்பாட்டில் வயிற்றுப்போக்காகி, மெடிக்கலில் கேட்டு சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கி மூன்று நாளாகப் போட்டுக்கொண்டிருந்தார். கல்லீரலில் காஃபினைக் கழிக்கும் நொதியை அந்த ஆன்டிபயாடிக் அமுக்கி வைத்துவிடும். அதே இரண்டு பாட்டில்தான். ஆனால் வடிகால் அடைபட்டதால் தொட்டி நிரம்பிவிட்டது. மாத்திரை முடியும் வரை காஃபினை நிறுத்தினார், அடங்கியது. அந்த வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக்கே தேவைப்பட்டிருக்காது என்பது என் கருத்து, அதை இங்கே விட்டுவிடுவோம்.

கர்ப்பத்தடை மாத்திரையும் காஃபின் கழிவதைத் தாமதப்படுத்தும். மாதவிடாயைத் தள்ளிப்போடவோ ஒழுங்குபடுத்தவோ அதே மாத்திரை எடுக்கும் மாணவிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீசிங்குக்கான சால்பியூட்டமால் தன்னளவிலேயே கையை நடுங்க வைக்கும்; இரண்டும் சேர்ந்தால் இரட்டை நடுக்கம். பழகிய அளவில் புதிதாகப் படபடப்பு வந்து, காஃபினை நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் போகவில்லை என்றால், ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்ப்பேன். ரத்தசோகையை எனர்ஜி ட்ரிங்கால் ஓட்டிக்கொண்டிருந்த பெண்கள் என் கிளினிக்கில் ஒருவர் இருவர் அல்ல. களைப்புக்குக் காரணம் ரத்தம் குறைவு. அதற்குக் குடித்த பாட்டிலால் படபடப்பு.

"சீனியர் ஒருத்தர் மாத்திரை கொடுத்தார். போட்டா ராத்திரி பூரா கண்ணு மூடாதாம், ஃபோகஸ் வருமாம். போடலாமா?"

வேண்டாம். பெரும்பாலும் அது மோடஃபினிலாக இருக்கும். பகலில் கட்டுப்படுத்த முடியாமல் தூங்கிவிழும் நார்கோலெப்சி நோய்க்கும், இரவு ஷிஃப்ட் வேலையால் வரும் தூக்கக் கோளாறுக்கும் தரப்படுவது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. பாதி கழியவே 12 முதல் 15 மணி நேரம் ஆகும். அதாவது இரவு பத்துக்குப் போட்ட மாத்திரையில் பாதி மறுநாள் மத்தியானமும் உள்ளே இருக்கும். தலைவலி, படபடப்பு, பசியின்மை சாதாரணம். அபூர்வமாகத் தோல் கொப்புளித்து உரியும் கடுமையான ஒவ்வாமை வரும். போட்ட பிறகு உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. கர்ப்பத்தடை மாத்திரையின் பலனையும் இது குறைத்துவிடும்.

மீதைல்ஃபெனிடேட் வேறு கதை. ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு மனநல மருத்துவர் அளந்து கொடுத்தால் அது நல்ல மருந்து. அவர் அதை நிறுத்தத் தேவையில்லை, அதன் மேல் எனர்ஜி ட்ரிங்கை ஊற்றாமல் இருந்தால் போதும். மற்றவர்கள் கையில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் பொருள். நண்பனுக்கு ஒரு மாத்திரை "கொடுத்து உதவுவது" சட்டத்தின் கண்ணில் உதவியாகத் தெரியாது.

"பரீட்சை ஹால்ல கை நடுங்காம இருக்க ஒரு மாத்திரை இருக்காமே?"

இருக்கிறது. புரப்ரனலால் என்று பெயர். துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும், உண்மைதான். வீசிங் உள்ளவர் போட்டால் மூச்சுக்குழாய் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். சிறு வயதில் இன்ஹேலர் எடுத்து, "இப்ப நல்லாயிடுச்சு" என்று மறந்துபோனவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு பக்கம் எனர்ஜி ட்ரிங்கால் ஆக்ஸிலேட்டரை மிதித்து, மறுபக்கம் இதனால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு வந்த ஒரு பையனுக்கு நான் எழுதிக் கொடுத்தது, பாட்டிலை நிறுத்து என்பது மட்டும்.

"டீ, காபி குடிச்சா மட்டும் பரவாயில்லையா? அதுலயும் இதுதானே இருக்கு?"

அதேதான். நல்ல ஸ்ட்ராங் ஃபில்டர் காபி ஒரு பாட்டிலுக்குச் சமமாகவே இருக்கலாம். வித்தியாசம் குடிக்கும் விதத்தில். சூடான டீயை ஊதி ஊதிக் கால் மணி நேரம் குடிப்போம். ஜில்லென்ற இனிப்பு பாட்டில் இரண்டு நிமிடத்தில் காலியாகிவிடும், அடுத்ததற்கும் கை போகும். சர்க்கரையையும் லேபிளில் பாருங்கள், பிராண்டுக்கு பிராண்டு ரொம்ப மாறும். சுக்குமல்லி காபியில் பெயரில் மட்டும்தான் காபி. காபித்தூள் கலக்காமல் போட்டால் அதில் காஃபின் கிடையாது. ராத்திரி கையில் ஒரு சூடான டம்ளர் இருந்தால்தான் படிப்பு ஓடும் என்பவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

"நிறுத்திப் பார்த்தேன். தலை பிளக்குது. மறுபடி குடிச்சாத்தான் சரியாகுது."

அது பழக்கம் விட்டதால் வரும் தலைவலி. கடைசியாகக் குடித்து 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒன்பது நாள் வரைக்கும் இழுக்கலாம். எரிச்சலும் மந்தமும் கூட வரும். ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கால் பங்கைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதலில் இரவில் கடைசியாகக் குடிப்பதை வெட்டுங்கள். தலைவலிக்கு மாத்திரை போட்டால் வெறும் பாராசிட்டமால் போடுங்கள், காஃபின் கலந்தது வேண்டாம். தேர்வுக்கு முந்தின வாரம் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. குறைந்தது மூன்று வாரம் முன்பே.

"அப்போ ராத்திரி படிக்கவே கூடாதா?"

படியுங்கள், நானும் அப்படிப் படித்தவன்தான். காஃபினைப் படுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இரண்டு மணிக்குப் படுப்பதாக இருந்தால் கடைசி டம்ளர் இரவு எட்டுக்கு முன்னால். ஆறு மணி நேரம் முன்பு குடித்ததே தூக்கத்தைக் குறைக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன அளவு, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400, ஒரே தடவையில் 200 மில்லிகிராம். நம் பிள்ளைகள் பலர் 50 கிலோவுக்கு முன்னும் பின்னும் இருப்பவர்கள். அவர்களுக்கு நான் அதில் பாதியோடு நிறுத்தச் சொல்வேன்.

பதினொரு மணிக்குக் கண் சொருகினால் அலாரம் வைத்து 20 நிமிடம் படுத்து எழுந்திருங்கள். அடினோசினைக் குறைக்கும் ஒரே வேலை தூக்கம்தான்.

"எம் பொண்ணு பத்தாவது. பரீட்சை நேரத்துல ஒண்ணே ஒண்ணு வாங்கித் தரலாமா டாக்டர்?" (உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா)

தராதீங்கம்மா. பாட்டிலிலேயே குழந்தைகளுக்கு வேண்டாம் என்று போட்டிருக்கிறது. பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது அதே ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கு. உங்கள் பெண் 40 கிலோ என்றால் 120. காலையில் ஒரு டீ, சாயந்திரம் ஒரு டீ, இதிலேயே 80 போய்விட்டது. ஒரு பாட்டில் சேர்த்தால் 155.

பரீட்சை அன்று காலையில் அவள் வழக்கமாகக் குடிக்கும் டீயை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். "இன்னிக்கு வேண்டாம், பால் குடி" என்று அன்றைக்குப் பார்த்து மாற்றினால், பதினோரு மணிக்கு ஹாலில் தலை வலிக்கும்.